பப்பாளிப் பாலும் வால்நட் ஓடும்

முற்றிய ஆட்டுக்கறி வேகாமல் அடம்பிடித்தால் ஒரு துண்டு பப்பாளிக்காயைப் போடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். காயின் பாலில் உள்ள பப்பெய்ன் என்ற நொதி கறியின் புரதத்தை அறுத்துவிடும். கடைகளில் ‘என்சைம்’ என்று விற்கும் முகப்பொடி செய்வதும் இதே வேலைதான்.

தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்காக இருக்கின்றன. புரதத்தாலான நுண்ணிய முடிச்சுகள் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. நாள் வந்ததும் உடம்பே முடிச்சை அவிழ்த்துச் செல்களை உதிர்க்கும். நொதி அதைக் கொஞ்சம் முன்கூட்டியே செய்கிறது, தேய்க்க வேண்டியதில்லை.

ஸ்க்ரப்பின் கதை வேறு. அது முடிச்சை அவிழ்ப்பதில்லை, செல்லைப் பெயர்த்தெடுக்கிறது. எவ்வளவு பெயரும் என்பது கையின் அழுத்தத்தையும் துகளின் விளிம்பையும் பொறுத்தது. அரைத்த வால்நட் ஓடு ஒழுங்கற்ற விளிம்புகளோடு இருக்கும். எத்தனை நேரம் தேய்த்தாலும் அந்த விளிம்பு மழுங்காது. சர்க்கரையோ ஈரம் பட்டதும் கரையத் தொடங்கி உருண்டுவிடும். ஆனால் எண்ணெயில் சர்க்கரை கரையாது. சர்க்கரையை எண்ணெயில் குழைத்து உலர்ந்த முகத்தில் தேய்த்தால் கிட்டத்தட்ட மணலால் தேய்ப்பதுதான். பரு உள்ள முகத்தில் அது பருவை உடைத்துப் புண்ணாக்கும். நம்முடைய மாநிறத் தோலில் அந்த எரிச்சல் கருந்தழும்பாகிப் பல மாதம் நிற்கும்.

அதற்காகப் பழுத்த பப்பாளியைப் பிசைந்து பூசினால் போதும் என்று நினைக்க வேண்டாம். பழுக்கப் பழுக்கப் பால் வற்றிப்போகிறது, அதோடு பப்பெய்னும் குறைகிறது. காயின் பாலையே தடவுவது அதைவிடத் தவறு. அளவு கைக்குள் நிற்காது, தோல் கொப்பளிக்கும்.

நொதி உயிரோடு இருக்கிறதா என்று சமையலறையிலேயே பார்க்கலாம். ஜெலட்டின் ஜெல்லியில் பச்சை அன்னாசித் துண்டைப் போட்டால் உறையாது, ப்ரோமலைன் அதன் புரதத்தை அறுத்துவிடும். டின்னில் அடைத்த அன்னாசியைப் போட்டால் உறையும். பதப்படுத்தும் சூட்டில் நொதி செத்துப்போயிருக்கும். (கடல்பாசியில் இந்தச் சோதனை பலிக்காது, அதில் உறைய வைப்பது புரதமல்ல.) தண்ணீரில் கலந்து வைத்த நொதியும் நாளடைவில் வலுவிழக்கும். அதனால்தான் நல்ல தயாரிப்புகள் பெரும்பாலும் உலர்ந்த பொடியாக வருகின்றன. பூசும் நேரத்தில்தான் தண்ணீர் சேர்க்க வேண்டும். பொடியை மூக்கருகே தட்டாதீர்கள், சுவாசத்தில் போனால் இழுப்பு வரலாம்.

என் தீர்ப்பு இது: முகத்துக்கு நொதிப் பொடி, வாரம் ஒருமுறை, பொட்டலத்தில் சொன்ன நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். முழங்கை, குதிகாலுக்கு ஈரத்தில் சர்க்கரை. ஓட்டுத்தூளை முகத்துக்கு அருகே கொண்டுபோகவே வேண்டாம். வெறும் தண்ணீர் பட்டாலே முகம் எரிந்தால் அளவு மீறிவிட்டது, எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

நொதி பாதுகாப்பானது என்று கண்ணை மூடிக்கொண்டும் நம்பக்கூடாது. புண்ணுக்குப் போடும் பப்பெய்ன் களிம்புகளால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்ததால், 2008-ல் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவற்றின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. ரப்பர் கையுறை போட்டால் அரிப்பவர்கள் பப்பாளி நொதியைத் தொட வேண்டாம். மற்றவர்களும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் துளி தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.