கட்டிய வரி எந்த அரையாண்டில் ஏறியது?

"ஒரு பைசா பாக்கி வைக்கலப்பா. நாலு ரசீதும் இருக்கு. அப்புறம் எப்படி அறுநூறு ரூபா நிலுவைன்னு சொல்றாங்க?"

அத்தை மஞ்சள் பையிலிருந்து ரசீதுகளை எடுத்து வைத்தார். வீட்டைப் பிள்ளை பெயருக்கு மாற்ற நகராட்சிக்குப் போனவரை, நிலுவையைக் கட்டிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான்கையும் தேதிவாரியாகத் தரையில் பரப்பிப் பார்த்தோம்.

தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் சொத்துவரி அரையாண்டுக் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முதல் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இரண்டாவது. 2023 பிப்ரவரியில் கட்ட வேண்டியிருப்பது 2022-23 இரண்டாம் அரையாண்டு வரி. பணம் கட்டிய தேதியை வைத்து ஆண்டைக் கணக்கிட்டால் இங்கேயே தவறிவிடும். ரசீதில் தேதி ஓரிடத்திலும், வரி எந்தக் காலத்துக்கு என்பது வேறோரிடத்திலும் இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டாவதை.

அத்தையின் வீடு 900 சதுர அடி. பழைய வரி அரையாண்டுக்கு 1,200 ரூபாய். 2022 ஏப்ரலில் வழக்கம்போல அதையே கட்டிவிட்டார். அந்த ஆண்டுதான் மாநிலம் முழுவதும் சொத்துவரி சீரமைக்கப்பட்டது. அவர் வீட்டின் அளவுக்கு 50 சதவீத உயர்வு. வரி 1,800 ஆனது. முதல் அரையாண்டில் 600 ரூபாய் விடுபட்டு நின்றது.

அக்டோபரில் புதிய கேட்பைப் பார்த்து 1,800 கட்டினார். ஆனால் வருகிற பணம் பெரும்பாலும் பழைய நிலுவைக்குத்தான் முதலில் போகும். எனவே 600 முதல் அரையாண்டில் வரவு ஆனது, மீதி 1,200 மட்டும் இரண்டாம் அரையாண்டில் ஏறியது. மறுபடி 600 பாக்கி. 2023 ஏப்ரலிலும் அக்டோபரிலும் இதே கதை. ஒவ்வொரு முறையும் அவர் முழுத்தொகையைக் கட்டினார். ஒவ்வொரு முறையும் அந்த 600 அடுத்த அரையாண்டுக்கு நகர்ந்துகொண்டே போனது.

இது ரசீதிலேயே இருந்தது. கடைசி மூன்று ரசீதுகளிலும் ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரிகள்: முந்தைய அரையாண்டுக்கு 600, நடப்புக்கு 1,200. கூட்டுத்தொகை 1,800 என்று வந்ததால் அத்தை மேலே பார்க்கவே இல்லை. ரசீதில் இப்படி இரண்டு காலங்கள் தெரிந்தால், நடப்பு அரையாண்டு முழுதாக அடைந்ததா என்று அன்றே கேட்டுவிடுங்கள்.

வங்கிக் குறுஞ்செய்தியோ உங்கள் கணக்கிலிருந்து பணம் போனதை மட்டும்தான் சொல்லும். அது எந்த வரி விதிப்பு எண்ணுக்குப் போனது என்று சொல்லாது. ஓர் இலக்கம் மாறினாலும் வேறொருவர் வீட்டு வரியைக் கட்டியவர் ஆவீர்கள். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனி எண் உள்ள வீடுகளில் ஒன்றுக்கே இரண்டு முறை கட்டுவது சகஜம். எண்ணைப் போட்டதும் திரையில் வரும் பெயரையும் கதவு எண்ணையும் படித்த பிறகே பணம் செலுத்துங்கள். பணம் பிடிக்கப்பட்டும் ரசீது வராவிட்டால் உடனே மறுபடி கட்டாதீர்கள். ஓரிரு வேலை நாள் பொறுத்து, நிலுவை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குடிநீருக்கு எண்ணே வேறு. பல ஊர்களில் வீட்டுவரியும் குடிநீர்க் கட்டணமும் ஒரே நகராட்சிக்குப் போனாலும், குடிநீர் இணைப்புக்குத் தனிக் கணக்கு உண்டு. சென்னையில் அலுவலகமே வேறு: சொத்துவரி மாநகராட்சிக்கு, குடிநீர் மற்றும் கழிவுநீர் வரியும் கட்டணமும் குடிநீர் வாரியத்துக்கு. மாநகராட்சி ரசீதைக் காட்டி வாரியத்தின் நிலுவையைத் தீர்க்க முடியாது.

தவறான எண்ணுக்குக் கட்டிவிட்டால், ஆணையருக்கு மனு எழுதுங்கள். பணம் ஏறிய எண், ஏற வேண்டிய எண், ரசீது எண், தேதி, தொகை, அரையாண்டு எல்லாம் அதில் இருக்க வேண்டும். ரசீது நகலையும் வங்கிக் கணக்குப் பக்கத்தையும் இணைத்து, மனு பெற்றதற்கு ஒப்புகை வாங்குங்கள். "மாத்திட்டோம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னதும் வந்துவிடாதீர்கள். இரண்டு எண்களின் கேட்பு, வசூல், நிலுவை விவரத்தையும் கேட்டுப் பாருங்கள். ஒன்றில் குறைந்து மற்றொன்றில் ஏறியிருந்தால்தான் மாறியதாக அர்த்தம்.

அத்தை அந்த 600 ரூபாயைக் கட்டினார். ரசீதில் இம்முறை ஒரே ஒரு வரி: 2023-24 இரண்டாம் அரையாண்டு. மறுவாரம் அலுவலகத்தில் பார்த்தபோது நிலுவைக் கட்டத்தில் பூஜ்யம் இருந்தது.