தீபாவளி நகர்ந்தா முருங்கைக்காயும் நகரும்

எபிசோட்ல நேரம் காணாமல் விட்ட கணக்கை இங்க முழுசா சொல்லுறன்.

லண்டனில தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி மொத்தமாக் குடுக்கிற ஒருத்தர், "அடுத்த கிழமை எத்தனை பெட்டி முருங்கைக்காய் இறக்கிறது?" எண்டு கேட்டார். கூட இறக்கினா வாடிக் குப்பைக்குப் போகும். குறைய இறக்கினா கடைக்காரர் வேற ஆளிட்டப் போயிடுவார். அவருக்கு ஒரு சின்ன ஷீட் செய்து குடுத்தன். (கீழ உள்ள பெட்டிக் கணக்கை மட்டும் மாத்தியிருக்கிறன்.)

முதல் ஷீட் "போன வருஷம் இதே வாரம் எவ்வளவு?" எண்டு மட்டும்தான் பார்த்தது. 2025 ஒக்டோபர் 20இல் தொடங்கிற வாரத்துக்கு 41 பெட்டி எண்டு சொல்லிச்சு. அவர் பார்த்திட்டு, "தம்பி, அது தீபாவளிக் கிழமையெல்லோ?" எண்டார்.

சரிதான். 2024இல் தீபாவளி ஒக்டோபர் 31, 2025இல் ஒக்டோபர் 20. அது முடியக் கந்தசஷ்டி விரதம். உங்கட வீட்டிலயும் அந்த நாட்களில மச்சம் இருக்காது, மரக்கறிதான். அதனால ஒப்பிட வேண்டியது 2024 ஒக்டோபர் 28 வாரத்தோட.

அந்த வாரம் பில்லில 58 பெட்டி. ஆனா அவர் இறக்கினதும் 58தான்! விற்ற எண்ணும் இறக்கின எண்ணும் ஒண்டா இருந்தா, அது தேவையின்ட அளவில்லை, ஸ்டொக் முடிஞ்ச இடம். கடைகள் வாட்ஸ்அப்பில அனுப்பின ஓடர்களைக் கூட்டினா 64 வந்திச்சு.

இனிக் கணக்கு சுகம். விசேஷம் இல்லாத நாலு வாரங்களின்ட சராசரியை எடுங்கோ. 2024இல் அது 40. அப்ப தீபாவளிப் பெருக்கம் 64 ÷ 40, அதாவது 1.6. 2025இல் அந்த நாலு வாரமும் 44, 47, 45, 48, சராசரி 46.

```
=AVERAGE(B2:B5)*64/40
```

விடை 73.6, அதாவது 74 பெட்டி. முதல் ஷீட் சொன்னதைவிட 33 கூட. பழைய முறையை அப்பிடியே விட்டிருந்தா அடுத்த கிழமையும் பிழைச்சிருக்கும். போன வருஷத் தீபாவளியைப் பார்த்து, விரதம் முடியிற நேரத்தில கூட இறக்கச் சொல்லியிருக்கும்.

ஆனா 1.6 எண்டது ஒரேயொரு தீபாவளியில இருந்து வந்த எண். 2023இல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. சாமான் வாங்கினது ஒரு வாரம், விரதம் அடுத்த வாரம். அதை வாரக் கணக்கில இதோட சேர்க்கேலாது. தீபாவளிக்கு எத்தனை நாள் முன், பின் எண்டு நாள் கணக்கிலதான் ஒப்பிடலாம். அதனால அவர் முதல்ல 60 பெட்டிக்குச் சொல்லி, செவ்வாய்க்கிழமை வரைக்கும் வந்த ஓடரைப் பார்த்து மிச்சத்தை முடிவெடுத்தார்.