பாட்டியின் கையில் மாலை வெயில்

மேற்குப் பார்த்த ஜன்னல் உள்ள ஓர் அறை. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டி ஒருவர் கடிதம் வாசிக்கிறார். பக்கத்து மேஜையில் பித்தளைச் சொம்பு. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் இந்தக் காட்சியை முப்பரிமாணத்தில் செய்து முடித்தபோது, சுவர், கம்பி, சேலை மடிப்பு எல்லாம் சரியாக வந்திருந்தன. ஆனால் மணி என்ன என்று படம் சொல்லவில்லை. முதலில் எதைப் பார்ப்பது என்றும் தெரியவில்லை. மாலை ஐந்தரை மணி என்பது கடிகாரம் இல்லாமலே புரிய வேண்டும். பார்ப்பவர் கண் நேரே கடிதத்துக்குப் போக வேண்டும். இந்த இரண்டையும் செய்ய மூன்று விளக்குகள் போதும்.

சினிமாக்காரர்கள் அவற்றை கீ லைட், ஃபில் லைட், பேக் லைட் என்பார்கள். கீ என்பது காட்சியின் முக்கிய வெளிச்சம். பெரிய நிழல்கள் அதனால் விழுபவை. ஃபில் அந்த நிழல்களுக்குள் கொஞ்சம் ஒளியை நிரப்புவது. பேக் லைட் பின்னாலிருந்து வந்து, ஆளின் விளிம்பில் மெல்லிய கோடு போட்டு, பின்சுவரிலிருந்து ஆளைப் பிரித்துக் காட்டுவது. படப்பிடிப்புத் தளத்தில் பிறந்த இந்த முறை அப்படியே கணினிக்குள் வந்துவிட்டது.

விளக்கு போடும் முன் ஒரு வேலை உண்டு. பிளெண்டரில் World என்ற பகுதி தொடக்கத்திலேயே ஒரு மங்கலான சாம்பல் ஒளியை எல்லாப் பக்கமிருந்தும் வீசிக்கொண்டிருக்கும். நாம் கேட்காமலே வந்த ஃபில் லைட் அது. அதன் அளவைப் பூஜ்யமாக்கி, அறையை இருட்டாக்கிவிட்டு ஆரம்பிக்க வேண்டும். இல்லையென்றால் நிழல்கள் ஏன் அழுக்காகத் தெரிகின்றன என்று நெடுநேரம் தேடிக்கொண்டிருப்போம்.

முதலில் கீ லைட். இங்கே அது சூரியன். மென்பொருளிலும் Sun என்றே ஒரு விளக்கு இருக்கிறது. நேரத்தைச் சொல்வதில் முதல் பங்கு அதன் உயரத்துக்கு. நம் ஊரில் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 10 பாகை உயரத்தில் இருக்கும். அந்தச் சாய்வில் ஜன்னல் வழியே வரும் கதிர், 4 மீட்டர் அகலமுள்ள அறையைக் கடப்பதற்குள் சுமார் 70 சென்டிமீட்டர்தான் கீழே இறங்கும். எனவே வெயில் தரையைத் தொடாமல் எதிர்ச்சுவரில் போய் விழுகிறது. வழியில் பாட்டியின் முகத்தையும் கையையும் தொட்டுவிட்டுப் போகிறது. அதே சூரியனை 30 பாகைக்கு உயர்த்தினால், 4 மீட்டருக்குள் 2.3 மீட்டர் இறங்கி, தரையில் கட்டம் கட்டமாக விழும். அப்போது மணி நாலு என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். உச்சி வெயிலில் கதிர் அறைக்குள் நுழையவே நுழையாது. வெளியே தரையில் பட்டுத் தெறித்த ஒளிதான் உள்ளே வரும். அதனால் முகத்தில் வெளிச்சம் கீழிருந்து ஏறும்.

அடுத்தது நிறம். ஒளியின் நிறத்தை கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். எண் குறையக் குறைய மஞ்சளும் ஆரஞ்சும், கூடக் கூட நீலமும் வரும். பிளெண்டரில் 6500 ஏறக்குறைய வெள்ளை. என் சூரியனுக்கு 3000 கொடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த உற்சாகத்தில் ஃபில் லைட்டுக்கும் ஆரஞ்சு நிறமே கொடுத்தேன். படம் முழுக்க டீத்தண்ணி ஊற்றினதுபோல் ஆகிவிட்டது. மாலை எங்கே போனது?

மாலை நேரம் நிழலுக்குள் இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. வெளியே சூரியன் சாய்ந்திருந்தாலும் தலைக்கு மேல் நீல வானம் இருக்கிறது. சூரியன் எட்டாத இடங்களுக்கு ஒளி கொடுப்பது அந்த வானம்தான். ஆகவே வெயில் பட்ட பக்கம் ஆரஞ்சாகவும் நிழல் நீலமாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டு நிறங்களுக்கும் இடையிலான தூரம்தான் நேரத்தைச் சொல்கிறது. நண்பகலில் அந்தத் தூரம் சிறியது. சூரியன் இறங்க இறங்க அது பெரிதாகிறது. எதிர்ப்பக்க வாசல் இருக்கும் இடத்தில் 2 மீட்டர் அகலத்தில் Area என்ற பரப்பு விளக்கு ஒன்றை வைத்து, 9000 கெல்வின் நிறம் கொடுத்து, முகத்தின் நிழல் பக்கம் வெயில் பக்கத்தில் கால்வாசி வெளிச்சம் பெறும் அளவுக்குக் குறைத்தேன். மாலை திரும்பி வந்தது.

ஃபில் விளக்கு பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சிறிய விளக்கு கூர்மையான நிழல் போடும். அப்போது சொம்புக்கு இரண்டு நிழல்கள் இரண்டு திசையில் விழும். வானத்தில் இரண்டு சூரியன்கள் இருப்பதுபோலாகிவிடும். விளக்கமைப்பு தவறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பெரிய பரப்பிலிருந்து வரும் ஒளிக்கு நிழல் கரைந்துபோகும். சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா 1956-இல் வந்த ‘அபராஜிதோ’ படத்துக்காகச் செய்ததும் இதுதான். காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் அமைத்து, மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்து, திரும்பி வரும் ஒளியை வானத்து வெளிச்சமாக்கினார். கணினியில் நாம் வைக்கும் அந்தப் பரப்பு விளக்கு, அவர் கட்டிய துணியின் வாரிசு என்றே நினைக்கிறேன்.

பேக் லைட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாட்டியின் நரைமுடிக்கு அது தேவைப்படவில்லை. அரக்கு நிறச் சேலை போர்த்திய தோள்தான் இருண்ட சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் அடுப்படியில் பல்பு எரிவதாக வைத்துக்கொண்டு, தோளில் மட்டும் ஒரு கீற்று விழச் செய்தேன். எங்கிருந்து வருகிறது என்று காரணம் சொல்ல முடியாத பேக் லைட், ஆளை அறையிலிருந்து கத்தரித்து எடுத்துவிடும்.

இனி கண்ணின் வேலை. படத்தை விரல் நகம் அளவுக்குச் சுருக்கி, நிறத்தை எடுத்துவிட்டு, கறுப்பு வெள்ளையில் பார்த்தேன். கண் கடிதத்துக்குப் போகாமல் எதிர்ச்சுவருக்கு ஓடியது. அங்கேதான் மிகப் பிரகாசமான வெயில் கட்டமும் அதை ஒட்டி ஆழ்ந்த இருட்டும் இருந்தன. வெளிச்சமும் இருட்டும் மிகக் கூர்மையாக மோதும் இடத்துக்கே கண் முதலில் போகும். கடிதத்துக்கு இன்னொரு விளக்கு போட்டால் தீரும் என்று தோன்றும். அப்படிச் செய்யாமல் சுவரிலிருந்து வெளிச்சத்தை எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டையான பலகையை, கேமராவுக்குத் தெரியாதபடி வைத்து, சூரியனின் மேற்பாதியை மறைத்தேன். படப்பிடிப்பில் லைட்மேன்கள் கறுப்புத் துணி பிடிப்பதும் இதற்கே. பிறகு சூரியனைப் பக்கவாட்டில் 6 பாகை திருப்பினேன். சுவரிலிருந்த கட்டம் மங்கி ஒதுங்கியது. கம்பிகளின் நிழல்கள் பாட்டியின் மடிவழியே சாய்ந்து வந்து தாளின் ஓரத்தில் முடிந்தன. வெள்ளைத் தாளுக்குப் பின்னால் சேலையின் இருட்டு. இப்போது சிறிய படத்திலும் கண் தாளில் நின்று, அங்கிருந்து முகத்துக்கு ஏறியது.

சொம்பு மட்டும் கடைசிவரை தொல்லை கொடுத்தது. பித்தளை பளபளப்பானது, விளக்கின் வடிவத்தையே பிரதிபலிக்கும். அதன் வயிற்றில் ஒரு சதுர நீலத் திட்டு தெரிந்து, விளக்கு இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. பரப்பு விளக்கை வாசலின் அளவுக்கே நீளவாக்கில் மாற்றியதும், சொம்பில் தெரிந்தது ஒரு கதவாகிவிட்டது.

இன்று வானம் தெளிவாக இருந்தால், ஐந்தரை மணிக்கு ஒரு வெள்ளைத் தாளை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், அதன்மேல் ஒரு பேனாவை நிமிர்த்திப் பிடியுங்கள். நிழலின் நிறத்தைப் பாருங்கள். அது நீலமாக இருக்கும்.