மசாலாத் தூள் விற்போர் நடத்தும் சமையற் காணொளி: மஞ்சளை முன்வைத்து ஒரு நோக்கு

அரைத்து விற்கப்படும் பொருளுக்கும் முழுதாக விற்கப்படும் பொருளுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. மஞ்சட் கிழங்கை வாங்குபவர் அதனை ஒடித்துப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம். மஞ்சட் தூளை வாங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அம்மியிலே தாமே அரைத்த காலத்தில் எழாத ஐயம், பொதியை விலைகொடுத்து வாங்கும் காலத்தில் எழுகின்றது. ஆகவே மசாலாத் தூள் விற்கும் நிறுவனம் ஒன்று சமையல் கற்பிக்கும் காணொளி அலைவரிசையைத் தொடங்குமாயின், அதன் முதற்பணி அரைத்தலால் மறைந்துபோனதை மீண்டும் கண்ணுக்குப் புலனாக்குவதேயாம். இதனை எவ்வாறு திட்டமிடலாம் என்பதை, மொனராகலையில் மஞ்சள் அரைத்து விற்கும் சிறு முயற்சி ஒன்றை மாதிரியாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

மஞ்சளைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. 2019 இன் இறுதியிலும் 2020 இலும் இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. கிலோ ஒன்று சில நூறு ரூபாவாக இருந்த மஞ்சள், ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு உயர்ந்தது. பாக்கு நீரிணையினூடாகக் கடத்திவரப்பட்ட மஞ்சள் மூடைகளைக் கடற்படையினர் கைப்பற்றிய செய்திகள் அடிக்கடி வெளிவந்தன. மாவும் நிறமும் கலந்த தூள் சந்தையில் விற்கப்பட்டது. ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலே நாட்கூலியில் வாழும் குடும்பத்தினர் ஐம்பது கிராம் பொதியாக வாங்கியது மஞ்சளா, நிறமூட்டிய மாவா என அறியாதிருந்தனர். அந்த ஐயம் விலை தணிந்ததோடு தானாகத் தணிந்துவிடுவதன்று.

முகத்தை நம்புதலும் தொகுதியை நம்புதலும்

மசாலா வணிகத்தில் நம்பிக்கை பெரும்பாலும் ஒரு முகத்தின்மீதே கட்டப்பட்டு வந்துள்ளது. இந்தியாவின் எம்.டி.எச். நிறுவனத்தின் உரிமையாளர் தரம்பால் குலாட்டி 2020 டிசெம்பரில் மறையும்வரை தம் நிறுவன விளம்பரங்களிலே தாமே தோன்றினார். தலைப்பாகையும் வெண்மீசையுமான அம்முகம் வட இந்திய வீடுகளில் நன்கு அறியப்பட்டது. எனினும் 2024 ஏப்பிரலில், அந்நிறுவனத்தின் சில கலவைத் தூள்களிலும் எவரெஸ்ட் நிறுவனத்தின் மீன்கறி மசாலாவிலும் எதிலீன் ஒட்சைட்டு என்னும் புகையூட்டு வேதிப்பொருள் காணப்பட்டதாக ஹொங்கொங் உணவுப் பாதுகாப்பு நிலையம் அறிவித்தது. எம்.டி.எச். நிறுவனம் அதனை மறுத்தது. இங்கு நாம் கருதவேண்டியது பிணக்கின் முடிவையன்று. குறிப்பிட்ட ஒரு தொகுதிப் பொருளைப் பற்றிய வினாவுக்கு, நன்கறிந்த ஒரு முகம் விடையாகாது என்பதே கருதத்தக்கது.

தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்திலிருந்து 2018 இல் தொடங்கப்பட்ட ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ வேறொரு வழியைக் காட்டுகின்றது. திறந்த வெளியிலே, சேர்க்கும் ஒவ்வொரு பொருளையும் உரத்த குரலிற் பெயர்சொல்லிக் காட்டிச் சமைப்பதே அவர்தம் முறை. 2021 இல் அது ஒரு கோடி சந்தாதாரரை எட்டியது. மறைவின்றிக் காட்டுதல் என்ற பண்பு அதன் ஈர்ப்புக்கு ஒரு காரணமெனலாம். ஆனால் அவர்கள் விற்பது காட்சியை, தூளையன்று. தூள் விற்பவர் சமையலை மட்டும் காட்டினாற் போதாது. பொதிக்கு முன்னுள்ள கட்டங்களையும் காட்டவேண்டும்.

நிறையைக் காட்டும் காணொளி

ஆகவே முதற் காணொளி அடுப்படியிலன்றி, அறுவடையிலே தொடங்கவேண்டும். மஞ்சள் ஏறத்தாழ ஒன்பது மாதப் பயிர். ஆண்டின் முதன் மூன்று மாதங்களே பெரும்பாலும் கிழங்கு தோண்டும் காலம். அக்காலத்தைத் தவறவிட்டால் அவ்வாண்டில் இதனைப் படமாக்க இயலாது. படப்பிடிப்பு நாட்காட்டியை இதனைக்கொண்டே வகுத்தல் வேண்டும்.

நூறு கிலோ பச்சைக் கிழங்கு வாங்கப்பட்டதாகக் கொள்வோம். கழுவியபின் அது நீரில் அவிக்கப்படும். நுரை எழுந்து, மஞ்சள் மணம் ஆவியோடு பரவி, ஈர்க்கினாற் குத்தினால் எளிதில் இறங்கும் பதம் வரும்வரை அவித்தல் வேண்டும். இதற்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் செல்லும். பின்னர் பத்துப் பதினைந்து நாள் வெயிலில் உலர்த்துவர். ஒடிக்கும்போது உலோகத்தைத் தட்டினாற் போன்ற ஒலியோடு முறிந்தால் உலர்ந்தது எனக் கொள்ளலாம். வளைந்தால் ஈரம் உண்டு. அரைத்தபின் பூஞ்சணம் பிடிக்கும். உலர்ந்த கிழங்கு ஏறத்தாழ இருபது கிலோ தேறும். மேற்றோலை உரைத்து மெருகிட்டு அரைத்தபின் பத்தொன்பது கிலோ தூள் கிடைத்ததெனில், ஐம்பது கிராம் பொதிகள் 380 ஆகும்.

இக்கணக்கே காணொளியின் முதுகெலும்பு. பச்சைக் கிழங்கு, உலர்ந்த கிழங்கு, தூள் என்ற மூன்று கட்டங்களிலும் தராசின் எண்ணைக் காட்டவேண்டும். இருபது கிலோ கிழங்கிலிருந்து இருபத்தைந்து கிலோ தூள் வராது. வந்ததெனில் ஐந்து கிலோ வேறெங்கிருந்தோ வந்தது. பார்ப்பவர் வேதியியல் அறியாதவராயினும் இக்கணக்கை அறிவார். தோட்டத்திலே கொழுந்து நிறுக்கும் தராசின்முன் நின்று பழகிய மக்களுக்கு நிறையைக் கவனித்தல் புதிதன்று. தராசு தோன்றும் காட்சியையும், ஆலையில் கிழங்கு இட்டதிலிருந்து தூள் வெளிவரும்வரையான காட்சியையும் வெட்டின்றி ஒரே தொடராகக் காட்டுதல் வேண்டும். ஏனைய இடங்களிற் சுருக்கலாம். அத்தொகுதிக்கு இட்ட எண் பொதியிலும் காணொளியின் தலைப்பிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் கையிலுள்ள பொதி எக்காட்சிக்குரியது என்பதை வாங்குபவர் அறிவார்.

வீட்டுச் சோதனையின் எல்லை

மசாலாக் காணொளிகளிலே கலப்படச் சோதனை விருப்பத்தோடு பார்க்கப்படுவது. ஆனால் தவறான சோதனை, சோதனையே இல்லாமையிலும் தீங்கானது.

கண்ணாடிக் குவளை நீரில் ஒரு தேக்கரண்டி தூளைத் தூவிக் கலக்காது விடுவது எளிய முறை. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நீரிற் கரைவது மிக அரிது. ஆதலால் நல்ல தூள் அடியிற் படிய, மேலுள்ள நீர் வெளிர்மஞ்சளாக இருக்கும். நீரிற் கரையும் செயற்கை நிறம் இருப்பின், தூவியவுடனேயே கடும் மஞ்சட் கோடுகள் நீரில் இறங்கும். இச்சோதனை இதனை மட்டுமே காட்டும். மாவு கலந்திருப்பினும் அது தூளோடு அடியிற் படிந்துவிடும்.

மாவைக் கண்டறிய அயடீன் துளியிட்டு, நீலக்கறுப்பு நிறம் தோன்றினால் கலப்படம் எனக் காட்டுவோர் உளர். இது மஞ்சளுக்குப் பொருந்தாது. மஞ்சட் கிழங்கிலே இயல்பாகவே மாப்பொருள் மிகுதியாக உண்டு. தூய மஞ்சளும் கறுக்கும். இச்சோதனையைக் காட்டும் நிறுவனம், போட்டியாளரின் நல்ல தூளையும் தன் தூளையும் ஒருங்கே பொய்யாகக் குற்றஞ்சாட்டியதாகும்.

இவையனைத்திலும் கொடியது ஈயம். வங்காளதேசத்திலே கிழங்குக்கு மெருகிடும் கட்டத்தில், பளிச்சென்ற நிறத்துக்காக ஈயக் குரோமேற்று பூசப்பட்டு வந்ததை 2019 இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. அப்பொருள் நீரிற் கரைவதில்லை. எனவே குவளைச் சோதனையில் அகப்படாது. அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் மேற்கொண்ட எச்சரிக்கையும் கண்காணிப்பும் காரணமாக, 2019 இல் சந்தை மாதிரிகளுள் 47 வீதத்திற் காணப்பட்ட ஈயம் 2021 இல் அற்றுப்போனது. இந்நிகழ்ச்சியிலிருந்து இரு திட்டக் குறிப்புகள் பெறப்படுகின்றன. மெருகிடும் கட்டத்தைக் காணொளியில் ஒருபோதும் விடலாகாது. அடுத்து, ஈயம் இல்லை என்பதை ஒளிப்படக் கருவி நிறுவாது. ஆய்வுகூட அறிக்கையே நிறுவும். கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற இடத்தில் பெற்ற அறிக்கையை, தொகுதி எண் தெரியுமாறு திரையிற் காட்டி, எதனைச் சோதித்தார்கள், எதனைச் சோதிக்கவில்லை என இரண்டையும் வாய்விட்டுக் கூறவேண்டும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் பொய்யான விளம்பரத்தைத் தடைசெய்கின்றது. காணொளிக் கூற்றையும் விளம்பரமாகவே கருதி நடத்தல் தகும்.

சமையற் பாடம்

இவ்வாறு அடித்தளமிட்ட பின்னரே சமையற் பாடம் தொடங்குதல் நன்று. முதற் பாடமாக எல்லா வீட்டிலும் ஆக்கப்படும் பருப்புக்கறியைக் கொள்ளலாம். 200 கிராம் மைசூர்ப் பருப்பு, மூன்று கோப்பை நீர், வெங்காயம், பச்சை மிளகாய், கால் தேக்கரண்டி மஞ்சள். பருப்பு மலர்ந்தபின் தேங்காயின் இரண்டாம் பாலும், இறக்குமுன் முதற்பாலும் உப்பும் சேர்த்து, கடுகும் கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டுவர்.

இங்கே கற்பிக்கவேண்டிய செய்தி, மஞ்சள் எப்போது நிறந்தரும் என்பது. குவளை நீரிற் கரையாத அதே நிறப்பொருள் கொழுப்பிற் கரையும். ஆகவே தேங்காய்ப்பால் சேர்ந்தவுடன் கறியின் நிறம் திரும்புவதைப் பார்ப்பவர் தம் சட்டியிலேயே காணலாம். முன்னே செய்த சோதனையின் காரணமும் அப்போது விளங்கும். பிழையையும் காட்டுதல் வேண்டும்: கொதிக்கும் எண்ணெயில் மஞ்சளை இட்டால் கணத்திற் கருகிக் கைக்கும், நிறம் போதாதென அரைத் தேக்கரண்டி கூட்டினாலும் கைக்கும்.

அளவைப் பற்றி நிறுவனத்துக்கு ஒரு சோதனை உண்டு. மட்டமாக எடுத்த தேக்கரண்டித் தூள் ஏறத்தாழ மூன்று கிராம். காற் தேக்கரண்டி முக்காற் கிராம். ஐம்பது கிராம் பொதி ஒன்று அறுபதுக்கு மேற்பட்ட முறை பருப்பு ஆக்கப் போதும். இக்கணக்கைத் திரையிற் கூறும் விற்பனையாளர் விற்பனையைக் குறைத்துக்கொள்வதாகத் தோன்றலாம். கூறாது, ஒரு தேக்கரண்டி குவித்து இடுமாறு காட்டுபவரின் கறி கைக்கும். கைத்தால் பழி தூளின்மேல் விழும். சரியான அளவைக் கற்பித்தலே நெடுநாள் விற்பனைக்கும் வழியாகும்.

காணொளியின் அமைப்பும் இவ்விடத்துக்கு ஏற்றதாதல் வேண்டும். பேச்சு தமிழிலும், அளவுகள் திரையில் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் அமையின், மொனராகலையின் பெரும்பான்மையோரும் பயன்பெறுவர். தரவுக் கட்டணம் எண்ணிச் செலவிடுவோருக்கு ஆறேழு நிமிடத்துக்கு மேற்பட்ட காட்சி சுமையாகும். படம் மங்கினும் செவியாற் கேட்டே சமைக்கக்கூடியவாறு ஒவ்வோர் அளவையும் சொல்லாற் கூறுதல் வேண்டும். ஓராண்டுக்குப் பன்னிரண்டு காணொளிகள் எனின், மூன்று அறுவடைக் காலத்துக்கும், ஒன்று ஆய்வறிக்கைக்கும், எஞ்சிய எட்டுச் சமையலுக்கும் ஒதுக்கலாம்.

இறுதியாக, மறு ஆண்டின் தொகுதி அறிக்கையிற் குறை காணப்படின் யாது செய்வது என்பதைத் திட்டத்திலேயே முன்னர் எழுதிவைத்தல் அவசியம். அத்தொகுதி எண்ணை அதே அலைவரிசையில் அறிவித்து, பொதிகளைத் திரும்பப் பெறுவதே அவ்விதி. நல்ல அறிக்கையை மட்டும் காட்டும் அலைவரிசை விளம்பரமாகவே எஞ்சும். குறையுள்ள அறிக்கையையும் காட்டத் துணிந்ததன் பின்னரே முன்னைய நல்ல அறிக்கைகள் சான்றாக மதிக்கப்படும்.