கையெழுத்து மட்டும் போட்ட செக்

2022 சித்திரை மாதம். மஞ்சள் வேக வைத்து முடித்து, களத்தில் காய்ந்துகொண்டிருந்த சமயம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு பதிவுத் தபாலோடு வந்தார். "ஏனுங்க சார், நீங்க பேங்க்ல இருந்தவரு, இதப் பாருங்க" என்றார். வக்கீல் நோட்டீஸ். அவர் கொடுத்த 4 லட்சம் ரூபாய் செக் பணமில்லாமல் திரும்பிவிட்டதாம். 15 நாளில் கட்டாவிட்டால் வழக்காம்.

"நாலு லட்சம் நான் எங்கீங்க வாங்குனேன்?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

விசாரித்தால், 2019 ஆவணியில் சொட்டுநீர்க் குழாய் போட ஒருவரிடம் ஒன்றரை லட்சம் வாங்கியிருக்கிறார். 'செக்யூரிட்டிக்கு' என்று கேட்டதால், இரண்டு செக்கில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார். தேதி, பெயர், தொகை எதுவும் எழுதவில்லை. பிறகு 90 ஆயிரத்தை வங்கி வழியாகவும் 60 ஆயிரத்தைக் கையிலும் கொடுத்திருக்கிறார். வட்டித் தகராறு வந்ததும், செக்கில் ஒன்று 4 லட்சமாக முளைத்துவிட்டது.

"நான் எழுதாத தொகைக்கு நான் எப்படிங்க பொறுப்பு?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. செலாவணி முறிச் சட்டத்தின் 20-வது பிரிவுப்படி, கையெழுத்துப் போட்டு வெற்றாகக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ள வாங்கியவருக்கு அதிகாரம் கொடுத்ததாகவே ஆகும். 2019-ல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும், விரும்பிக் கொடுத்த வெற்று செக்கை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. மை வேறு, கையெழுத்து வேறு என்று காட்டுவதால் மட்டும் தப்ப முடியாது. கையெழுத்து உங்களுடையது என்று ஒப்புக்கொண்டாலே, கடனுக்காகத்தான் கொடுத்தீர்கள் என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டியது உங்கள் பாடு. தோற்றால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்டார். சரியான விலாசத்துக்கு வந்த தபாலை வேண்டாம் என்று திருப்பினாலும் கிடைத்த மாதிரிதான். வக்கீலை வைத்து 15 நாளுக்குள் பதில் அனுப்பச் சொன்னேன். அந்தப் பதிலில் எழுதாத சங்கதியை இரண்டு வருஷம் கழித்துக் கோர்ட்டில் சொன்னால், யோசித்துச் சொன்ன கதை என்பார்கள்.

இங்கேதான் என் பழைய வேலை உதவியது. நோட்டீஸில், 2022 தை மாதம் கைமாற்று வாங்கி, அன்றைக்கே செக் கொடுத்தார் என்று எழுதியிருந்தது. செக் நம்பரைப் பார்த்தேன். 2019-ல் வாங்கிய புத்தகத்தின் தாள் அது. அதற்கு முந்தின நம்பரும் அடுத்தடுத்த நம்பர்களும் 2019 புரட்டாசிக்குள்ளேயே கணக்கில் பாஸாகியிருந்தன. 2022-ல் அவர் வேறு புத்தகம்தான் உபயோகித்தார். அப்படியிருக்க நடுவில் ஒரு தாள் மட்டும் எப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தது? வங்கி சான்றளித்த கணக்கு நகலைக் கோர்ட்டில் கொடுத்தார்கள். குறுக்கு விசாரணையில் எதிராளியால் இதற்கும் பதில் சொல்ல முடியவில்லை, அந்த 90 ஆயிரம் எதற்கு வந்தது என்பதற்கும் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு வருஷம் வாய்தாவுக்கு அலைந்து விடுதலையானார். கையில் கொடுத்த 60 ஆயிரத்துக்கு மட்டும் கடைசிவரை ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

செக் கொடுக்காமல் கடன் கிடைக்காது என்கிற நிலைமை எனக்கும் தெரியும். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் வாங்குகிறவர் பெயரையும், வாங்கிய அசல் தொகையையும் நீங்களே எழுதுங்கள். எண்ணிலும் எழுத்திலும், இடைவெளியில்லாமல். குறுக்கே இரண்டு கோடு போட்டு 'அக்கவுண்ட் பேயீ' என்று எழுதுங்கள். இன்ன தேதியில் வாங்கிய இன்ன கடனுக்கு ஈடாக, இன்ன நம்பர் செக் என்று தனிக் கடிதம் எழுதி, நகலில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். தவணையை வங்கி வழியாகவே கட்டுங்கள். ஏனென்றால் பாதிக் கடன் கட்டிய பிறகு, அதை செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டுத் திரும்பினால் குற்ற வழக்கு நிற்காது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் கட்டியதற்கு ஆதாரம் வேண்டுமல்லவா?

'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்துவிட்டால் போதும் என்று எங்கள் வங்கிக்கே எத்தனையோ பேர் ஓடி வந்திருக்கிறார்கள். கடன் பாக்கி இருக்கும்போது அது காப்பாற்றாது. வழக்கு அப்படியே வரும். கணக்கையே மூடினாலும் அதே கதைதான். கடன் தீர்ந்தும் செக்கைத் தரவில்லை என்றால் அது வேறு விஷயம்.

நம்ம ஆளின் இரண்டாவது செக் இன்னும் அந்த மனுஷன் கையில்தான் இருக்கிறது. நம்பரைக் குறிப்பிட்டு, கடன் தீர்ந்தது, செக்கைத் திருப்பித் தரவும் என்று பதிவுத் தபால் அனுப்பினோம். அதன் நகலோடு வங்கியில் ஸ்டாப் பேமென்ட் கொடுத்து, சீல் போட்ட ரசீதை வாங்கினோம். அது இப்போது பட்டா, சிட்டாவோடு அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.