வராதவர் தலையில் கட்டிய வேலை

அடுக்குமாடிச் சங்கக் கூட்டம். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் வேலை, அன்று வராத பொருளாளர் பெயரில் மினிட்ஸ் நோட்டில் ஏறுகிறது. வராதவர் தலையில் கட்டுவது எப்போதும் சுலபம்தான்! ஆனால் அவர் சரி சொல்லும்வரை அது வெறும் கோரிக்கை. அதனால் பெயருக்குப் பக்கத்திலேயே ‘வரவில்லை, சம்மதம் கேட்க வேண்டும்’ என்றும், கேட்கப்போகிறவர் யார் என்றும் எழுத வேண்டும். மறுநாளே செயலாளர் அவரை அழைத்து வேலை, காரணம், கெடு மூன்றையும் சொல்லட்டும். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தால் பார்த்துவிட்டார் என்றுதான் அர்த்தம், ஒப்புக்கொண்டார் என்றல்ல. “20ஆம் தேதிக்குள் முடியாது சார், 25 என்றால் செய்கிறேன்” என்று அவர் சொன்னால், புதுக் கெடுவையும் அவர் ஒப்புக்கொண்ட நாளையும் நோட்டில் குறியுங்கள். மறுத்தாலோ, இரண்டு நாளில் பதில் வராவிட்டாலோ, வேலை தலைவரிடமே திரும்பிவிட வேண்டும். வேறு ஆள் பார்ப்பது அவர் பொறுப்பு.