சிபாரிசுக் கடிதத்தில் என்ன எழுதுவது?

"ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்று மட்டும் சொல்லும் சிபாரிசுக் கடிதம் எந்த மாணவிக்கும் பொருந்தும். மேற்படிப்புக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர்களுக்கு அதனால் பயனில்லை. இறுதியாண்டில் சிறிய கிளினிக் ஒன்றுக்கு முன்பதிவுச் செயலி செய்த மாணவி என்றால், அதில் அவர் அவிழ்த்த முடிச்சைத்தான் பேராசிரியர் எழுத வேண்டும்.

இப்படிப்பட்ட செயலியில் பெரிய முடிச்சு இது: இரண்டு பேர் ஒரே நொடியில் 10.30 மணியைக் கேட்கிறார்கள். செயலி பார்க்கும்போது இருவருக்குமே இடம் காலி. இரண்டு பதிவும் ஏறிவிடுகிறது. ஒருவர் மட்டும் உட்கார்ந்து சோதித்தால் இந்தப் பிழை தலைகாட்டாது. மாணவி பல கோரிக்கைகளை ஒரே சமயத்தில் அனுப்பி இதைப் பிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மருத்துவருக்கு ஒரு நேரத்தில் ஒரே பதிவுதான் என்ற விதியைத் தரவுத்தளத்திலேயே வைத்தார். உடனே வேறொரு தொல்லை வந்தது: ரத்தான பதிவும் இடத்தை அடைத்துக்கொண்டது. அவற்றைத் தனி அட்டவணைக்கு மாற்றினார். இதை நான்கு வரியில் சொன்னாலே அவர் யோசிக்கும் விதம் தெரிந்துவிடும்.

குழுவாகச் செய்த திட்டமென்றால் அவருடைய பங்கைப் பிரித்துச் சொல்ல வேண்டும். முன்பதிவின்றி வருபவர்களைச் செயலி கணக்கில் எடுக்கவில்லையா? அந்தக் குறையையும் எழுதலாம். பாராட்டு நம்பும்படி இருக்கும்.

மாணவர்களே, கடிதம் கேட்கப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு நிற்காதீர்கள். எந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்.